பெயர் பட்டறைக்கு, எண் பயனருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

மென்பொருள் வெளியீடுகளுக்குச் சூட்டப்படும் குறியீட்டுப் பெயர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெயர்கள் வெளியீடுகளுக்கு ஓர் ஆளுமையைத் தருகின்றன, எண்களோ வறண்டு கிடக்கின்றன என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். பல ஆண்டுகளாக லினக்ஸ் கணினிகளைப் பராமரித்து வருபவன் நான். அந்தப் பெயர்கள் பிறந்த காரணத்தையும் அவை பயனரைத் தவிக்கவிடும் இடத்தையும் அருகிலிருந்து பார்த்திருப்பதால், அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனையே எடுத்துக்கொள்கிறேன். அதன் வெளியீடுகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படத்தின் பாத்திரங்களுடைய பெயர்கள் வைக்கப்படுவது பலருக்கும் தெரியும். ஆரம்ப காலத்தில் திட்டத்தை வழிநடத்திய புரூஸ் பெரென்ஸ் அப்போது பிக்ஸார் நிறுவனத்தில் பணியாற்றியதால் அந்தப் பெயர்கள் வந்தன. ஆனால் பெயர் வைக்கும் வழக்கம் நிலைத்ததற்குக் காரணம் ரசனை அல்ல, ஒரு விபத்து. 1995-இல் டெபியன் 1.0 இன்னும் உருவாகிக்கொண்டிருந்தபோது, சிடி விற்கும் நிறுவனம் ஒன்று, பாதி வேலை நடந்துகொண்டிருந்த கோப்புகளை எடுத்து ‘டெபியன் 1.0’ என்று பதித்து விற்றுவிட்டது. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது சரியாக இயங்காத ஒரு தொகுப்பு. அந்த எண்ணைக் கைவிடுவதைத் தவிர வேறு வழியில்லாமல், 1996-இல் 1.1 என்ற எண்ணோடுதான் அந்த வெளியீடு வந்தது. அதன் பெயர் buzz.

கோப்புகள் இருக்கும் அடைவுக்கு எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வைத்தால், அது முடிந்த வெளியீடா முடியாததா என்று யாரும் ஊகித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொரு வசதியும் உண்டு. வெளியீட்டு நாளன்று அடைவின் பெயரை மாற்றினால், உலகெங்கும் நகல் வைத்திருக்கும் வழங்கிகள் ஏராளமான கோப்புகளை மறுபடியும் இறக்க நேரிடும். பெயர் அப்படியே இருந்தால், நடப்பு வெளியீட்டைக் காட்டும் stable என்ற சுட்டியை மட்டும் புதிய அடைவுக்குத் திருப்பிவிட்டால் போதும். ஆக, உருவாக்குபவர்களின் பட்டறைக்குள் இந்தப் பெயர்கள் மிகச் சரியான ஏற்பாடு. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல், அந்தப் பெயர் பட்டறையிலிருந்து வெளியே வந்து பயனருக்கான வழிகாட்டிகளில் தனியாக நிற்கும்போது தொடங்குகிறது. டெபியனின் 10, 11, 12 ஆகிய பதிப்புகளின் பெயர்கள் முறையே buster, bullseye, bookworm. மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. எது முந்தியது, எது பிந்தியது என்று அவற்றைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

நான் அடிக்கடி காணும் ஒரு சிக்கலை விளக்குகிறேன். ஒருவர் டெபியன் 12 வைத்திருக்கிறார். டெபியனில் இல்லாத ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். அதற்கான வழிகாட்டி ‘இந்த வரியைச் சேர்க்கவும்’ என்று இப்படி ஒரு வரியைக் கொடுக்கிறது:

```
deb https://repo.example.org/debian bullseye main
```

அவர் அப்படியே படியெடுத்து ஒட்டுகிறார். `apt update` எந்த முணுமுணுப்பும் இல்லாமல் முடிகிறது. ஏனென்றால் டெபியனில் மென்பொருள்களை நிறுவும் கருவியான apt-ஐப் பொறுத்தவரை bullseye என்பது வழங்கியில் இருக்கும் ஓர் அடைவின் பெயர்தான். இந்தக் கணினியில் ஓடும் பதிப்பும் அதுதானா என்று அது ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பிறகு நிறுவப் போகும்போது இந்தப் பிழை வருகிறது:

```
Depends: libssl1.1 but it is not installable
```

டெபியன் 11-இல் libssl1.1 என்ற குறியாக்க நூலகம் இருந்தது, 12-இல் அதன் இடத்துக்கு libssl3 வந்துவிட்டது. பதினொன்றுக்காகக் கட்டப்பட்ட மென்பொருள் பொதி, பன்னிரண்டில் இல்லாத ஒன்றைக் கேட்கிறது. பிழைச் செய்தியிலோ பதிப்பைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. எனவே அந்த நூலகம்தான் குறை என்று நினைத்து, பழைய libssl-ஐ எங்கிருந்தோ தேடி எடுத்துக் கட்டாயமாக நிறுவிவிடுகிறார்கள். அந்தப் பழைய நூலகத்துக்கு டெபியன் 12-இன் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் வராது. குறியாக்கத்தைக் கையாளும் ஒரு நூலகத்தை இப்படி அநாதையாக விட்டுவைப்பது ஆபத்தானது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

சரிபார்ப்பது எளிது:

```
$ grep VERSION /etc/os-release
VERSION_ID="12"
VERSION="12 (bookworm)"
VERSION_CODENAME=bookworm
```

கணினி எண்ணையும் பெயரையும் சேர்த்தே சொல்கிறது. வழிகாட்டியும் ‘இது டெபியன் 11-க்கான வரி’ என்று ஒரே ஒரு சொற்றொடரைச் சேர்த்திருந்தால், அவர் பன்னிரண்டைப் பார்த்த கணமே நிறுத்தியிருப்பார். எண்ணுக்கு வரிசை உண்டு. அந்த வரிசையை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு அகர வரிசையில் பெயர் வைக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். ஓரளவு உதவத்தான் செய்கிறது. focal-ஐ விட jammy புதியது என்று முதல் எழுத்தே காட்டிவிடும். ஆனால் 2017-இல் zesty-யோடு எழுத்துகள் தீர்ந்து, அடுத்து artful வந்தது. அன்றிலிருந்து எழுத்து வரிசையை மட்டும் நம்ப முடியாது. 17.04, 17.10 என்ற எண்களில் அந்தக் குழப்பம் இல்லை. ஆண்டிராய்டிலும் ஜெல்லி பீன் என்ற ஒரே பெயர் 4.1, 4.2, 4.3 ஆகிய மூன்று பதிப்புகளுக்கு இருந்தது. ஒரு செயலிக்கு 4.2 வேண்டுமென்றால், ‘என்னிடம் ஜெல்லி பீன் இருக்கிறது’ என்ற பதிலால் ஒரு பயனும் இல்லை. 2019-இல் பத்தாம் பதிப்போடு இனிப்புப் பெயர்களைப் பயனரின் பார்வையிலிருந்து கூகுள் விலக்கியது. உள்ளே பொறியாளர்கள் அந்தப் பெயர்களைத் தொடர்ந்து புழங்குகிறார்கள். சரியான பிரிவினை அது என்றே நான் கருதுகிறேன்.

எண்ணை எல்லா இடத்திலும் திணிக்கச் சொல்லவில்லை. வெளியீட்டுக்கு முன் எண்ணே மாறிவிடக்கூடும். 2006 ஏப்ரலில் 6.04 ஆக வரவேண்டிய உபுண்டு, ஜூனுக்குத் தள்ளிப்போனதால் 6.06 ஆனது, dapper என்ற பெயர் மட்டும் மாறாமல் நின்றது. மென்பொருள்களை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் டெபியனின் மூலப் பட்டியலிலும் bookworm என்று பெயரை எழுதுவதே நல்லது. அங்கே stable என்று எழுதி வைத்தவர்களுக்கு, 2023 ஜூன் 10 அன்று அந்தச் சொல்லின் பொருள் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு மாறியது. தயாராகாமலேயே அடுத்த பதிப்பின் வாசலில் போய் நின்றார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் தொழில்நுட்பப் பக்கத்திலும் சில குறிப்புகள் பெயரை மட்டும் சொல்லி வருகின்றன. இனி ‘டெபியன் 12 bookworm’ என்று எண்ணை முன்னால் வைத்து அச்சிடுங்கள். குறிப்பு எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பில் இருக்கும் ஒரு வாசகர்