மெட்டுக்கு மொழிபெயர்ப்பு: எண்ணிக்கை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பிறமொழிப் பாடலை அதே மெட்டில் தமிழில் எழுதுவது குறித்த கட்டுரையில், மூலத்தின் அசைகளை எண்ணி அதே எண்ணிக்கையில் எழுதினால் போதும் என்று சொல்லப்பட்டிருந்தது. அதை நம்பி எழுதினால் தாளில் சரியாகத் தெரியும் வரி, வாயில் சிக்கும்.

முதலில், எண்ண வேண்டியது யாப்பின் அசையை அல்ல. ‘மலை’ போன்ற நிரையசை ஒன்றே இரண்டு ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளும். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணுங்கள். ஒரு ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து.

ஒரு வரியில் ஏழு ஸ்வரங்கள் என்று கொள்வோம். முதல் ஆறும் ஒவ்வொரு தட்டு, கடைசி ஸ்வரம் மட்டும் இரண்டு தட்டு. வானில் விண்மீன்கள் மின்னுவது பொருள். ‘விண்மீன் வானில் மின்னுகிறது’ என்றால் ஒன்பது எழுத்து, மெட்டு தாங்காது. ‘வானில் மின்னும் விண்மீன்கள்’ சரியாக ஏழு. ஆனாலும் பாடிப் பாருங்கள்: இரண்டு தட்டு நிற்க வேண்டிய இடத்தில் ‘கள்’ என்ற குறில் விழுகிறது. பாடுபவர் நீட்டியே ஆக வேண்டும். நீட்டினால் அது ‘விண்மீன்காள்’ ஆகி, விண்மீன்களை அழைப்பதாகிவிடும். குறில் நெடிலானால் சொல்லே மாறும் மொழி நம்முடையது. மலை மாலையாகும், படம் பாடமாகும். அழைப்பதாகவே எழுதிவிட்டால் ‘வானில் மின்னும் விண்மீனே’. அதே ஏழு, கடைசியில் நெடில், வாய் திறந்தபடி குரல் நிற்கும். பன்மை போய்விட்டது. அந்த இழப்பை நான் தயங்காமல் ஏற்பேன்.

எனவே சொல் தேடுமுன் மெட்டைத் தத்தகாரமாக எழுதிக்கொள்ள வேண்டும்: நீளும் ஸ்வரத்துக்குத் ‘தா’, குறுகியதற்குத் ‘த’. நீளும் இடத்தில் நெடில் கிடைக்கவே இல்லையென்றால், குறிலோடு ன், ம், ல் போன்ற மெல்லின, இடையின ஒற்று வரும் சொல்லை வைக்கலாம். ஒற்றில் குரல் ஓரளவு ஓடும். வல்லின ஒற்று குரலை அடைத்துவிடும், அங்கே வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல், தட்டுக்கு முன்னால் தொடங்கும் மெட்டு. ஆங்கிலப் பாடல்களில் இது அதிகம். அழுத்தமில்லாத சிறு சொல் முன்னால் வர, அடுத்த சொல்லில் தட்டு விழும். தமிழில் அந்த இடத்தில் ‘கண்ணே’ என்று தொடங்கினால் ‘ண்ணே’யில் தட்டு விழுந்து சொல் உடைந்து கேட்கும். ‘என் கண்ணே’ என்றால் ‘என்’ முன்னால் நழுவி, ‘கண்’ தட்டில் உட்காரும். ‘என்’, ‘உன்’, ‘நீ’, ‘ஓ’ போன்ற ஓரெழுத்து அளவுச் சொற்கள் இதற்கென்றே கைவசம் இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும், மூலப் பாடலை அறியாத ஒருவரிடம் பாடிக் காட்டி, கேட்ட வரியை எழுதச் சொல்லுங்கள். அவர் எந்தச் சொல்லை மாற்றி எழுதுகிறாரோ, அங்கேதான் குறிலும் நெடிலும் இடம் மாறியிருக்கும், அல்லது தட்டு தவறியிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்