கொக்கிப்புழுத் தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை?

ஆசிரியருக்கு,

வணக்கம். குடற்புழு நீக்க நாளையொட்டி வெளியான கட்டுரையில், "அமெரிக்கத் தன்னார்வலர்களுக்குப் போட்டு பாதுகாப்பானது என்று தெரிந்த கொக்கிப்புழுத் தடுப்பூசியை இங்கே ஏன் உடனே கொண்டு வரக்கூடாது?" என்று கேட்கப்பட்டிருந்தது. கேள்வி நியாயமானது. ஆனால் இந்தத் துறை பெரிதாக அடி வாங்கியது அந்த எண்ணத்தால்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

மண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழு நம் பாதத்தோலைத் துளைத்து உள்ளே வரும். உடலுக்குள் வந்ததும் சில புரதங்களைச் சுரக்கும். அவற்றில் ஒன்று ஏஎஸ்பி-2. தடுப்பூசிக்கு முதலில் தேர்ந்தெடுத்த ஆன்டிஜென், அதாவது எதிர்ப்பொருளை உருவாக்க உடலுக்குக் காட்டும் பொருள், இதுதான். காரணம் வலுவாகவே இருந்தது. புழு அதிகமுள்ள ஊர்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, இந்தப் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்ற, ஒவ்வாமையோடு தொடர்புள்ள வகை எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குக் கடுமையான தொற்று குறைவாக இருந்தது. விலங்குகளிலும் பலன் தெரிந்தது. அமெரிக்காவில் கொக்கிப்புழுவையே அறியாத பெரியவர்களுக்குப் போட்டார்கள். பெரிய தொந்தரவு எதுவும் இல்லை.

அடுத்து பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், கொக்கிப்புழு நிரந்தரமாக இருக்கும் கிராமப்புறத்தில் அதே மருந்தைப் போட்டார்கள். ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே சிலருக்கு உடம்பு முழுக்கத் தடிப்பு எழும்பியது. சோதனையை அங்கேயே நிறுத்தினார்கள். ரத்தத்தைப் பரிசோதித்தபோது, அவர்களிடம் ஏஎஸ்பி-2க்கு எதிரான ஐஜிஇ ஏற்கெனவே இருந்தது தெரிந்தது. அந்த வட்டாரத்தின் மற்றவர்களையும் பார்த்தார்கள். பெரியவர்களில் மட்டுமல்ல, குழந்தைகளிலும் பலரிடம் அது இருந்தது.

நடந்தது இதுதான். வெறுங்காலோடு நடப்பவர் உடலில் ஆண்டுக்கணக்கில் இளம்புழுக்கள் நுழைந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஏஎஸ்பி-2ஐ உடல் பார்த்திருக்கிறது. அதற்கான ஐஜிஇ தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமை அணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. ஊசியில் போகும் மைக்ரோகிராம் அளவுப் புரதம் அதில் படிந்ததும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் வெளியேறித் தோல் தடிக்கிறது. புழுவை மாத்திரையால் வெளியேற்றிவிட்டாலும் இந்த ஐஜிஇ உடனே மறைவதில்லை. பாதுகாப்பின் அடையாளம் என்று எண்ணிய அதே ஐஜிஇதான் ஆபத்தும் ஆனது. புழுவைக் காணாத அமெரிக்கரிடம் இது தெரிய வழியே இல்லை. தட்டம்மை, போலியோ தடுப்பூசிகள் பெரும்பாலும் நோயைப் பார்க்காத குழந்தைக்குப் போகின்றன. புழுத் தடுப்பூசியோ, புழுவோடு வாழ்ந்துகொண்டிருப்பவருக்கும் போக வேண்டியிருக்கிறது. மற்றத் தடுப்பூசிகளை விட இது பின்தங்கியதற்கு எங்கள் பார்வையில் முதல் காரணம் இதுவே. பணக்குறைவு அதற்கு அடுத்ததுதான்.

அதன் பிறகு தேர்வு முறை தலைகீழானது. உடல் அதிகம் பார்க்காத புரதம் வேண்டும் என்றார்கள். அது வளர்ந்த புழுவின் குடலுக்குள் இருக்கிறது. புழு நம் சிறுகுடல் சுவரைக் கடித்து ரத்தம் குடிக்கிறது. சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினை ஜீரணிக்கிறது. அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் நொதி ஏபிஆர்-1. ஜீரணத்தில் வெளிப்படும் ஹீம், அதாவது ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி, புழுவுக்கே நஞ்சு. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் ஜிஎஸ்டி-1. தடுப்பூசி போட்டவரின் ரத்தத்தை உறிஞ்சும்போது எதிர்ப்பொருளும் சேர்ந்தே புழுவின் வயிற்றுக்குள் போய், அங்கே இந்த இரண்டையும் முடக்க வேண்டும். ஏபிஆர்-1 வெட்டும் நொதி என்பதால் அதன் செயல்மையத்திலுள்ள ஆஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இரண்டை அலனின் என்ற வேறொன்றாக மாற்றி, வெட்டும் திறனை நீக்கிவிட்டே பயன்படுத்துகிறார்கள். பாக்டீரியாவில் அது சரியாக மடிந்து வராததால் புகையிலைக் குடும்பச் செடியின் இலைகளில் தயாரிக்கிறார்கள். ஜிஎஸ்டி-1 ஈஸ்ட்டில் நன்றாகவே வருகிறது. இந்தப் புரதங்களை வைத்து பிரேசிலிலும் ஆப்பிரிக்காவின் காபோனிலும் சோதனைகள் நடந்தன. பழைய தடிப்பு திரும்பவில்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. உடல் பார்க்காத புரதம் என்றால் இயற்கைத் தொற்று அந்த எதிர்ப்பாற்றலைத் தூண்டி வளர்க்காது. எதிர்ப்பொருள் வடிந்துகொண்டே போகும். மறுபடி மறுபடி ஊசி வேண்டும். ஆட்டின் ரத்தம் குடிக்கும் ஹீமோன்கஸ் புழுவுக்கு ஆஸ்திரேலியாவில் 2014இல் விற்பனைக்கு வந்த தடுப்பூசி இதே புழுக்குடல் உத்தியில் செய்தது. குட்டிகளுக்கு முதலில் சில வார இடைவெளியில் மூன்று ஊசி, பிறகு புழுப் பருவம் முடியும்வரை சுமார் 6 வாரத்துக்கு ஒன்று. ஆட்டுக்கு அது முடியும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு முடியாது. இன்னொன்று: அந்த மருந்தை உயிருள்ள புழுக்களிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தில்தான் செய்கிறார்கள். அதே புரதத்தை ஆய்வகத்தில் மரபணு முறையில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மனிதக் கொக்கிப்புழுவை அப்படிக் கிலோக்கணக்கில் வளர்க்க எந்த விலங்கும் இல்லை.

"முழுதாகத் தடுக்காத ஊசியால் என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கொக்கிப்புழு உடலுக்குள் பெருகுவதில்லை. எத்தனை இளம்புழு நுழைந்ததோ அதற்கு மேல் எண்ணிக்கை ஏறாது. நெக்கேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். 50 புழு என்றால் 1.5 மில்லி. ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருப்பதால் நாளுக்கு 0.75 மில்லிகிராம் குடலில் இறங்குகிறது; அதில் ஒரு பகுதிதான் மீண்டும் உறிஞ்சப்படும். சாப்பாட்டிலிருந்து நாளுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இரும்பு சேரும் குழந்தைக்கு இது சோகையில் கொண்டுபோய் விடும். 50ஐ 10 ஆக்கினால் இழப்பு 0.15 மில்லிகிராம், பெரும்பாலான குழந்தைகள் தாங்கிவிடுவார்கள். நாய்க் கொக்கிப்புழுவில் ஏபிஆர்-1 சோதித்தபோது புழுக்கள் குறைந்தது ஓரளவுதான். ஆனால் ஊசி போட்ட நாய்களுக்குச் சோகை பெரிதும் வரவில்லை.

ரத்தக்குழாயில் குடியிருக்கும் சிஸ்டோசோம் புழுவில் கணக்கு வேறு. அங்கே கெடுதல் செய்வது புழு அல்ல, திசுக்களில் சிக்கும் முட்டைகள். ஆகவே முட்டை குறைந்தாலே நன்மை. அதை நம்பிய ஒரு மருந்து, புழுவின் ஜிஎஸ்டி புரதத்தால் ஆனது, செனகலில் மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. சுமார் 250 பள்ளிக் குழந்தைகளுக்கு முதலில் பிரசிகுவாண்டல் என்ற புழு மருந்தைக் கொடுத்துப் புழுவைக் கொன்றார்கள், பிறகு ஊசி போட்டார்கள், தொற்று திரும்ப எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்த்தார்கள். எதிர்ப்பொருள் நன்றாகவே உருவானது. ஆனால் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் உயர்ந்தது என்ற செய்தியை மட்டும் வைத்து எந்தப் புழுத் தடுப்பூசியையும் எடைபோட முடியாது என்பதை இது காட்டிவிட்டது. இப்போது சோதனையிலுள்ள டிஎஸ்பி-2, சிஸ்டோசோம் புழுவின் மேல்தோல் புரதம். தொற்றுக்குத் தப்பிய பிரேசில்காரர்களிடம் அதற்கு எதிரான ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருள் இருந்ததும், ஐஜிஇ தென்படாததும் சேர்ந்தே அதைத் தேர்வு செய்ய வைத்தன.

இனி இப்படியொரு தடுப்பூசிச் செய்தி உங்கள் பத்திரிகையில் வரும்போது, எந்த ஊரில் யாருக்குப் போட்டார்கள், அவர்களின் ஐஜிஇயை முன்பே பார்த்தார்களா, புழு அல்லது முட்டை எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்ற மூன்று விவரங்களையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுண்ணியியல் பாடம் நடத்தும் இருவர்,
திருச்சி