இரண்டாவது புள்ளி வந்து சேர்வதே இல்லை: கணிதப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கணிதப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாக நுண்கணிதம் நடத்திவருகிறேன். தொடுகோட்டின் சாய்வை அறிமுகப்படுத்தும் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை நீங்கள் மாற்ற வேண்டும் என்பதற்காகவே இம்மடல். Q என்ற புள்ளி நகர்ந்து வந்து P என்ற புள்ளியோடு ஒன்றும்போது, PQ என்ற வெட்டுக்கோடு தொடுகோடாகிவிடுகிறது என்று எழுதுகிறீர்களே, அந்த வாக்கியம்தான்.

"ஒன்றான பிறகு எந்தக் கோட்டைச் சொல்கிறீர்கள், ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி நியாயமானது. இரண்டு புள்ளிகள் இருந்தால்தான் அவற்றின் வழியே ஒரே கோடு கிடைக்கும். ஒரு புள்ளி வழியே எத்தனை கோடுகள் வேண்டுமானாலும் போகும். சாய்வைக் கணக்கிடப் பார்த்தால் மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம். பெர்க்லி என்ற பாதிரியார் 1734-இல் நியூட்டனின் முறையைக் கேள்வி கேட்டதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான்: வகுக்கும்போது பூச்சியமல்ல என்கிறீர்கள், வகுத்து முடித்ததும் பூச்சியம் என்று தூக்கி எறிகிறீர்கள், இது என்ன நியாயம்?

y = x² என்ற வளைவரையையே எடுத்துக்கொள்வோம். P என்பது (1, 1). Q-வின் x மதிப்பு 2 என்றால் Q (2, 4), சாய்வு 3. அதை 1.1-க்குக் கொண்டுவந்தால் உயர்வு 0.21, ஓட்டம் 0.1, சாய்வு 2.1. 1.01-இல் சாய்வு 2.01. இடப்பக்கத்திலிருந்தும் வரலாம், பல நூல்கள் இந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. 0.9-இல் சாய்வு 1.9, 0.99-இல் 1.99. இருபுறமும் 2-ஐ நெருங்குகின்றன. ஆனால் பட்டியலில் 2 என்ற எண் எங்கும் வராது. எந்த வெட்டுக்கோட்டின் சாய்வும் 2 அல்ல என்பதை மாணவர்கள் தாங்களாகவே கவனிக்க விடுங்கள்.

ஏன் என்பதைக் குறியீட்டில் பார்க்கலாம். Q-வின் x மதிப்பு 1 + h என்றால்,

((1 + h)² − 1) / h = (2h + h²) / h = 2 + h

h-ஐ அடித்துவிட முடிந்ததே அது பூச்சியமல்ல என்பதால்தான். அதன் பிறகும் நாம் h-ஐப் பூச்சியமாக்கவில்லை. கேட்பது வேறு கேள்வி: h சிறுத்துக்கொண்டே போனால் 2 + h எந்த எண்ணை விடாமல் நெருங்குகிறது? சாய்வுக்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுக்குள் இருக்க வேண்டுமா? h-ஐ இருபுறமும் ஆயிரத்தில் ஒன்றுக்குள் வைத்தால் போதும். கோடியில் ஒன்றுக்குள் வேண்டுமா? அதற்கும் வழி இருக்கிறது. எவ்வளவு நெருக்கம் கேட்டாலும் கொடுக்க முடிகிற அந்த எண்தான் எல்லை. P வழியே சாய்வு 2 உள்ள கோட்டை வரைந்து, அதற்குத் தொடுகோடு என்று பெயர் வைக்கிறோம். Q வந்து சேர வேண்டிய அவசியமே இல்லை. பெர்க்லிக்கும் இதுவே பதில்.

h-க்கு மிகச் சிறிய எண்ணைப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கணினியில் 10⁻¹⁶ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான இரட்டைத் துல்லியத்தில் 1 + h என்பது 1 ஆகவே சேமிக்கப்படும். சாய்வு 0 என்று விடை வரும். எல்லை என்பது கடைசியாகப் போட்ட எண்ணின் விடை அல்ல.

வட்டப் பாடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் "ஒரே புள்ளியில் தொடும் கோடு" என்ற விளக்கத்தையும் இந்தப் பக்கத்திலேயே கழற்றிவிட வேண்டும். x = 1 என்ற செங்குத்துக் கோடு நமது பரவளையத்தை ஒரே புள்ளியில்தான் சந்திக்கிறது; அது தொடுகோடல்ல. மறுபுறம், y = x³ வளைவரைக்கு (1, 1)-இல் வரையும் தொடுகோடு y = 3x − 2, போய் (−2, −8)-இல் அதே வளைவரையை வெட்டுகிறது. y = |x| இன்னும் கூர்மையான சான்று. ஆதிப்புள்ளியில் y = 0 என்ற கோடு அதை ஒரே இடத்தில்தான் தொடுகிறது. ஆனால் வலப்பக்க வெட்டுக்கோடுகள் எல்லாவற்றுக்கும் சாய்வு 1, இடப்பக்கம் எல்லாவற்றுக்கும் −1. எவ்வளவு நெருங்கினாலும் இரண்டும் ஒத்துப்போகப் போவதில்லை. அங்கே தொடுகோடு கிடையாது. இடப்பக்கத்தையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை.

ஆகவே அடுத்த பதிப்பில் அந்த வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "Q, P-ஐ அடையாமல் இருபுறமிருந்தும் நெருங்கும்போது PQ-வின் சாய்வு ஒரே எண்ணை நெருங்குமானால், P வழியே அந்தச் சாய்வில் செல்லும் கோடு தொடுகோடு எனப்படும்." பக்கத்திலுள்ள படத்தில் இப்போது Q-க்கள் எல்லாம் வலப்பக்கமே நிற்கின்றன. இடப்பக்கமும் இரண்டு வரைந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்