அடிக்கல்லில் விரிசலுடன் வந்து சேர்ந்த வெட் கிரைண்டர்: மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர் (பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இணைத்துள்ள பில்லில் உள்ளன)

பெறுநர்:
குறை தீர்ப்பு அலுவலர்,
இணையதள விற்பனைப் பிரிவு

பொருள்: 2 லிட்டர் டேபிள் டாப் வெட் கிரைண்டர் அடிக்கல்லில் விரிசலுடன் வந்தது, முழுப் பொருளையும் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

இணைப்பு: பில் நகல், 11 படங்கள், பெட்டி திறந்த வீடியோ.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்களிடம் ரூ. 6,490 முன்கூட்டியே செலுத்தி வாங்கிய கிரைண்டர் பார்சலிலேயே சேதமடைந்து வந்திருக்கிறது. அதில் இதுவரை அரிசியோ உளுந்தோ போடவில்லை, மின் இணைப்பும் கொடுக்கவில்லை. பிளக்கின் மேல் தொழிற்சாலையில் மாட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது (படம் 6).

சேதம் மூன்று இடங்களில் இருக்கிறது. டிரம்மின் அடிக்கல்லில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி 7 செ.மீ. நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடுகிறது. இரண்டு குழவிக்கற்களில் ஒன்றின் விளிம்பு சுமார் 2 செ.மீ. அகலத்துக்குச் சில்லு பெயர்ந்திருக்கிறது. டிரம்மின் மேல் விளிம்பு ஓரிடத்தில் உள்வாங்கி நசுங்கியிருக்கிறது. நசுங்கிய விளிம்பை ஒருவேளை தட்டி நிமிர்த்திவிடலாம். குழவியையும் தனியாக மாற்றலாம். அடிக்கல்லில் விழுந்த விரிசலுக்கு மட்டும் அப்படி எந்த வழியும் இல்லை. ஆகவே இந்தக் கடிதம் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

முதலில் படங்களை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். படம் 1 முதல் 3 வரை, பிரிக்காத பெட்டி. முகவரிச் சீட்டும் பார்சல் எண்ணும் படிக்கும்படி இருக்கின்றன. பெட்டியின் மேல் மூலைகளில் ஒன்று உள்ளே அமுங்கி, அட்டையின் நெளிவு மடிந்து கிடப்பதை படம் 3-இல் காணலாம். படம் 4, மேல் தெர்மாகோல் நான்கு துண்டாக உடைந்திருப்பது. படம் 5, எடுத்து வைப்பதற்கு முன் டிரம்முக்குள் குழவிகள் கிடந்த நிலை. படம் 7 வரிசை எண் தகடு, இது பில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறது. படம் 8 முதல் 11 வரை சேதத்தின் நெருக்கப் படங்கள், பக்கத்தில் அளவுகோலும் வைத்திருக்கிறேன். பெட்டியின் டேப்பை வெட்டுவதில் தொடங்கி விரிசலைக் காட்டுவது வரை, இடையில் நிறுத்தாமல் எடுத்த வீடியோ ஒன்றும் உண்டு. மின்னஞ்சலில் அடங்காத அளவு என்பதால் அதை இணைப்பு முகவரியாக அனுப்பியிருக்கிறேன்.

இந்தச் சேதம் எப்படி ஏற்பட்டது என்பதைப் பொருளே சொல்லிவிடுகிறது. டிரம்மை வெளியே எடுப்பதற்கு முன், நசுங்கிய மூலைக்கு நேராக அதன் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். விளிம்பு நசுங்கிய இடமும், அடிக்கல்லில் விரிசல் தொடங்கும் இடமும் அந்தக் கோட்டிலேயே வருகின்றன (படம் 8). விரிசல் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல் நக அளவுக்குக் கல் நொறுங்கி வெளுத்திருக்கிறது. சில்லு பெயர்ந்த குழவியை அங்கே வைத்தால் அதன் உடைந்த விளிம்பு சரியாக அந்த வெள்ளைத் தழும்பின் மேல் உட்காருகிறது (படம் 9). பெயர்ந்த சில்லும் கல் தூளும் பாலித்தீன் பைக்குள்ளேயே இருந்தன. அவற்றை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், பொருளை எடுக்க வருபவரிடம் சேர்த்துத் தருவேன்.

பெட்டி மேல் மூலை தரையில் படும்படி சாய்ந்து விழுந்திருக்கிறது. அப்போது டிரம்முக்குள் கட்டப்படாமல் கிடந்த குழவிகள் நகர்ந்து, திரும்பவும் அடிக்கல்லின் மேல் ஓங்கி இறங்கியிருக்கின்றன. கல் தேய்வதைத் தாங்கும், ஒரே புள்ளியில் விழும் அடியைத் தாங்காது. படம் 5-ஐ உங்கள் பேக்கிங் பிரிவினர் அவசியம் பார்க்க வேண்டும். குழவிக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய பாலித்தீன் தாள் மட்டுமே இருந்தது. குழவிகளைத் தனி அட்டைப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இடையில் கனமான நெளி அட்டை கொடுத்து, அசையாதபடி இறுக்கியிருக்க வேண்டும். 11 கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளை ஒருவர் லாரியில் ஏற்றி இறக்கும்போது எங்காவது நழுவத்தான் செய்யும். அதையும் எதிர்பார்த்துப் பேக் செய்வது அனுப்புகிறவரின் பொறுப்பு.

உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து தொலைபேசியில் பேசியவர் சொன்ன மூன்று காரணங்களுக்கும் இங்கே எழுத்தில் பதில் தருகிறேன்.

‘இது இயற்கைக் கல், கோடுகள் இருக்கத்தான் செய்யும்’ என்றார். கருங்கல்லில் நிறக்கோடு உண்டு என்பது உண்மை. ஆனால் நிறக்கோடும் விரிசலும் ஒன்றல்ல. நிறக்கோட்டின் மேல் நகத்தை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், விரிசலில் நகம் தட்டும். இதைவிடத் தெளிவான சோதனை தண்ணீர். கல்லை நனைத்து, துணியால் துடைத்துவிட்டுச் சில நிமிடம் விட்டால் மேற்பரப்பு முழுவதும் உலர்ந்து வெளுத்துவிடும். விரிசல் மட்டும் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் கறுப்புக் கோடாக நிற்கும். படம் 10 நனைத்த உடனே எடுத்தது, படம் 11 மேற்பரப்பு உலர்ந்த பிறகு அதே இடத்திலிருந்து எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே கல்லில் இரண்டு விரல் தள்ளி இயற்கையான வெளிர் கோடு ஒன்றும் ஓடுகிறது. அது மற்றப் பரப்போடு சேர்ந்தே உலர்ந்துவிட்டது. விரலால் தட்டிப் பார்த்தாலும் விரிசலை ஒட்டிய பகுதி கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கிறது. வீடியோவின் கடைசிப் பகுதியில் அதைக் கேட்கலாம்.

‘ஓ.டி.பி. சொல்லி வாங்கிவிட்டீர்கள், அப்படியென்றால் நல்ல நிலையில் பெற்றதாக அர்த்தம்’ என்றார். ஓ.டி.பி. என்பது பார்சல் உரியவர் கைக்கு வந்தது என்பதற்கு மட்டுமே சான்று. ஓ.டி.பி. கொடுக்கும் முன் பெட்டியைப் பிரித்துப் பார்க்க டெலிவரி செய்பவர் அனுமதிக்கவில்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் டிரம்மின் அடியில் என்ன ஆகியிருக்கிறது என்று வாசலில் நின்று யாராலும் சொல்ல முடியாது.

‘விரிசலை பேஸ்ட் வைத்து அடைத்துத் தருகிறோம், கல்லுக்கு வாரண்டி கிடையாது’ என்றார். இந்த யோசனையை நான் ஏற்கவே முடியாது. மாவு அரைபடுவதே குழவியும் அடிக்கல்லும் உரசும் அந்தப் பரப்பில்தான். அங்கே வைக்கிற பேஸ்ட் கல்லைவிட வேகமாகத் தேய்ந்து மாவோடுதான் கலக்கும். தினமும் குழந்தைகள் சாப்பிடும் இட்லியில் அது போய்ச் சேரும். அடைக்காமல் விட்டாலும் ஆபத்துதான். விரிசலுக்குள் இறங்கும் மாவைக் கழுவி எடுக்க முடியாது. அது அங்கேயே புளித்து நாறி, அடுத்த முறை அரைக்கும் மாவையும் கெடுக்கும். குழவியின் அழுத்தத்தில் விரிசலின் ஓரங்கள் பொடிந்துகொண்டே வரும், இட்லியில் பல்லில் நறநறவென்று கல் அகப்படும். கிரைண்டருக்கு விலை கொடுப்பதே கல்லுக்காகத்தான். மோட்டாரை மாற்றலாம், பெல்ட்டை மாற்றலாம், கல் போனால் அது வெறும் எவர்சில்வர் பாத்திரம். அப்புறம், வாரண்டி என்பது நல்ல நிலையில் கைக்கு வந்த பொருள் பின்னால் பழுதானால் பேச வேண்டிய விஷயம். நல்ல நிலையில் வந்தே சேராத பொருளுக்கு அந்த விதியைக் காட்டுவது பொருந்தாது.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன் 6-ஆவது விதி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறை தீர்ப்பு அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்றும் அதே விதிகளில் உள்ளது. அதன்படி நான் கேட்பது இவை:

இந்தக் கடிதத்துக்குப் புகார் எண்ணுடன் எழுத்தில் ஒப்புதல் தாருங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி முடிக்க வேண்டாம். பிறகு, இதே மாடலில் புதிய கிரைண்டரை முழுமையாக அனுப்புங்கள். டிரம்மை மட்டும் தனியாக அனுப்புவது போதாது. கீழே உள்ள மோட்டார் பகுதியும் அதே அடியைத்தான் வாங்கியிருக்கிறது, அதன் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. புதிய பார்சலில் குழவிகள் தனியாகப் பேக் செய்யப்பட்டிருக்க வேண்டும், டெலிவரியின்போது பிரித்துப் பார்க்க அனுமதியும் வேண்டும். இந்த மாடல் இருப்பில் இல்லையென்றால் ரூ. 6,490-ஐயும் பணம் செலுத்திய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். கூப்பனாகவோ உங்கள் வாலட்டில் வரவாகவோ தந்தால் ஏற்க மாட்டேன். பழைய பொருளை உங்கள் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும். நசுங்கிய பெட்டி, உடைந்த தெர்மாகோல் எல்லாம் வைத்திருக்கிறேன், ஆனால் அவற்றில் இதை மறுபடியும் பத்திரமாக அடைக்க முடியாது. எடுக்க வருபவர் வேறு பெட்டியோடு வரட்டும்.

உங்கள் டெக்னீஷியன் நேரில் வந்து பார்க்க வேண்டுமென்றால் தாராளமாக வரலாம். தண்ணீர்ச் சோதனையை அவரே செய்து பார்க்கட்டும். பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டு ஒரு நகலை என்னிடம் தர வேண்டும். அவர் வருவதற்குக் கட்டணம் எதுவும் தர மாட்டேன்.

படங்களையும் வீடியோவையும் எடுத்த கோப்புகள் திருத்தம் எதுவும் செய்யாமல் என் போனில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து, எடுத்த தேதி விவரமும் போய்விடும் என்பதால் படங்களின் மூலக் கோப்புகளையே மின்னஞ்சலில் இணைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம், 2023-இன் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழோடு அவற்றைத் தாக்கல் செய்வேன்.

ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. பொருளின் விலையோடு அலைச்சலுக்கான இழப்பீட்டையும் அங்கே சேர்த்துக் கேட்பேன்.

படம் 3, 5, 8, 11 ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புகார் எண்ணை இதே மின்னஞ்சலுக்கு அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாடிக்கையாளர்