ஆட்டோக்காசுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. சம்பந்தி வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. முட்டிவலிக்கு எண்ணெய் மட்டும் போதாது, எலும்பு டாக்டரைப் போய்ப் பார்.

இங்கே ஒரு மாதமாக எனக்கு வேறு வேலை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உதவும் அறக்கட்டளையைப் பற்றிச் சொல்லியிருந்தேன் அல்லவா? அவர்களுடைய நன்கொடைக் கடிதத்தைத் திருத்தித் தரச் சொன்னார்கள். பழைய கடிதம் இப்படித் தொடங்கியது: "உங்கள் மனசாட்சி உறங்குகிறதா? நீங்கள் இதைப் படிக்கும் நொடியில் ஓர் உயிர் துடிக்கிறது. நீங்கள் தரும் 500 ரூபாய் ஓர் உயிரைக் காக்கும்." கூடவே மூக்கில் குழாயோடு யாரோ ஒருவர் படுத்திருக்கும் படம். அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

500 ரூபாய் உயிரைக் காக்காது முருகேசா. அப்படியானால் அது எதற்குத்தான் ஆகிறது என்று வரவு செலவு நோட்டை வாங்கிப் பார்த்தேன். முக்கால்வாசிப் பணம் ஆட்டோவுக்குப் போகிறது. டயாலிசிஸ் அரசு மருத்துவமனையில் இலவசம்தான். வீடு வந்து சேருவதுதான் பாடு. இந்த விஷயம் பழைய கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நோட்டில் பெயர் இருந்த ஓர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். இடது முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் ரத்தக்குழாய் கயிறு போலப் புடைத்திருக்கிறது. விரலை வைக்கச் சொன்னார். உள்ளே விர்ரென்று ஓர் அதிர்வு ஓடுகிறது. அது நின்றுபோனால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. பாண்டுச்சட்டி தூக்க முடியாத சித்தாளுக்கு யார் வேலை தருவார்கள்?

நான் எழுதியதில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்:

"இவர் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். போகும்போது டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் போய்விடுகிறார். நான்கு மணி நேரம் கழித்து எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. வீட்டுக்கு ஆட்டோ 250 ரூபாய். காசில்லாத வாரத்தில் ஒரு முறை போகாமல் இருந்துவிடுகிறார். உடம்பில் நீர் தங்கிக் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. நீங்கள் 500 ரூபாய் தந்தால் இவருக்கு ஒரு வாரத்து ஆட்டோ. இதனால் நோய் குணமாகாது. இவர் ஒரு முறையும் தவறாமல் போய்வர முடியும்."

எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். "புருஷன் விட்டுட்டுப் போனதை எழுதாதீங்க, அதுக்கா காசு கேக்குறோம்?" என்றார். அந்த வரியையும் அடித்தேன். முகம் தெரியாமல் கையை மட்டும் படமெடுக்க அவரே சம்மதித்தார்.

அறங்காவலர்களில் ஒருவருக்கு இதில் திருப்தி இல்லை. எல்லா நோயாளிகளின் கணக்கையும், நாடு முழுவதும் எத்தனை பேர் என்பதையும் முதல் பக்கத்திலேயே போட வேண்டும் என்றார். அவரிடம் 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைச் சொன்னேன். ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூவர் செய்தது. மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள், கையில் இருந்த ஐந்து டாலரில் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். அவளுடைய கதையோடு பஞ்சத்தின் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43 தான். அதற்காகக் கணக்கை மறைக்கவும் எனக்கு மனமில்லை. ஒருவர் கதையைச் சொல்லிவிட்டு, பணம் எல்லாம் அவருக்கே போகிறது என்று நம்பவைப்பதும் பொய்தானே? அதனால் கதைக்கு அடியில், "இவரைப் போன்ற 14 பேருக்கு இந்தப் பணம் பகிர்ந்து தரப்படும்" என்று ஒரு வரி. முழு வரவு செலவு பின்பக்கத்தில். அவரும் ஒப்புக்கொண்டார்.

பழைய கடிதத்தில் 'நூறு சதவீத வரிவிலக்கு' என்றும் இருந்தது. எங்கள் அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. மூன்றையும் எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று தீரவில்லை. ஆறு மாதம் கழித்து, கொடுத்தவர்களுக்கு அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று எழுதுவதாகக் கடிதத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறோம். நிலைமை மோசமானால் அதையும் எழுத வேண்டும் என்கிறேன் நான். அந்தச் சமயத்தில் குடும்பத்தின் சம்மதம் யாரிடம் கேட்பது என்கிறார்கள் அவர்கள். மகளிடம் இப்போதே பேசிவைக்கலாம் என்று நினைக்கிறேன். நீ பல வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன், இதை எப்படிக் கேட்டால் மனம் நோகாது என்று எழுது. கடிதம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
சுந்தரம்