கார்த்திகைக் கதையில் வரும் அந்த வயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்த்திகை இதழில் வந்த சிறுகதையை ரெண்டு தடவை படித்துவிட்டு இதை எழுதுகிறேன். திருக்கார்த்திகை அன்று சாயங்காலம் வாசலில் விளக்கு வைக்கிற நேரம் பார்த்துத் தெருவில் பாதி வீடுகளுக்குக் கரண்ட் போய்விடுகிறது, அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் அகலையும் தோரணத்தையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள், கதை அவ்வளவுதான். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அதில் ஒரே ஒரு பத்தியை மாற்றியே ஆக வேண்டும். நான் மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன், அந்தப் பத்தியைப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணெய்க் காட்சி. மூலை வீட்டு அம்மா மகன் வாங்கிக் கொடுத்த சீரியல் செட்டை நம்பி, பேருக்கு நாலைந்து புது அகல் மட்டும் வாங்கி வைத்திருக்கிறார். கரண்ட் போனதும் வீட்டில் இருக்கிற எண்ணெய் சாமி விளக்குக்கே சரியாகப் போகிறது. பேத்தி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு ஆச்சியிடம் ஓடுகிறாள். ஆச்சி வீட்டில் நல்லெண்ணெய் டின் நிறைய இருக்கிறது, கொடுக்க மனசும் இருக்கிறது, ஆனால் விளக்கு வைத்த பிறகு எண்ணெயோ உப்போ பணமோ வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று பழகிய கை அது. இந்த இடத்தில் ஆச்சியைக் கஞ்சத்தனமானவராகக் காட்டிவிடுவார்களோ என்று நினைத்தேன், இல்லையென்றால் அவர் அந்த வழக்கத்தை ஒரே நொடியில் தூக்கிப் போட்டுவிட்டு டின்னை நீட்டுவார். ரெண்டும் நடக்கவில்லை. குழந்தையிடம் நீ போம்மா, பின்னாலேயே வர்றேன் என்கிறார். அப்புறம் தன் வீட்டு அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றி, முறத்தில் அடுக்கி, தூறலுக்கு மேலே இன்னொரு முறத்தைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து அந்தத் திண்ணையில் வரிசையாக வைத்துவிட்டுப் போகிறார். எண்ணெய் வாசலைத் தாண்டவில்லை, ஏற்றிய விளக்குதான் தாண்டியது. எங்கள் அம்மாவும் இப்படித்தான் செய்திருப்பார். இதை எழுதியவர் அப்படியொரு வீட்டில் வளர்ந்தவராக இருக்க வேண்டும்.

அந்தப் புது அகல் விஷயமும் சரியாக வந்திருக்கிறது. கடையிலிருந்து வாங்கி வந்த அகலை அப்படியே எண்ணெய் ஊற்றி ஏற்றினால் மண்ணே பாதி எண்ணெயைக் குடித்துவிடும், விளக்கின் வெளிப்பக்கம் பளபளவென்று ஈரமாகி, வைத்த இடத்தில் வட்டமாகக் கறை விழும். முதல் நாளே தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்துக் காயவைத்தால் இந்தத் தொல்லை குறைவு. கதையில் அந்த அம்மா ஊறப்போடவில்லை, அதனால்தான் அவர் ஏற்றிய அகல் சீக்கிரமே கருகிப் புகைகிறது, ஆச்சி கொண்டு வந்த பழைய அகல் நின்று எரிகிறது. இதை ஆசிரியர் விளக்கவே இல்லை, நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார், தெரிந்தவர்களுக்குப் புரியும். திரி கூட அப்படித்தான். காற்றுக்கு நிற்கட்டும் என்று ஆச்சி பழைய வேட்டித் துணியைக் கிழித்து ரெட்டையாகத் திரித்துப் போடுகிறார். தடித்த திரி எண்ணெயை வேகமாகக் குடிக்கும் என்பதால் அடிக்கடி வந்து ஊற்ற வேண்டியிருக்கிறது, அதனால்தான் அவர் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிறார், பேச்சும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிறிஸ்துமஸுக்காக டீச்சர் வீட்டில் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த காகித நட்சத்திரத்தைக் கொடுக்கிறார்களே, அதுவும் நன்றாக இருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி வைக்கப் போகிறார்களோ என்று பயந்தேன், நல்லவேளை பையன் செல்போன் டார்ச்சை வைத்துக் கட்டுகிறான். கார்த்திகை என்றால் பௌர்ணமியை ஒட்டி வரும் நாளாயிற்றே, இவர் கும்மிருட்டு என்று எழுதுகிறாரே என்று பார்த்தால், அதற்கும் மழை மூட்டம் என்று முன்னாடியே ஒரு வரி போட்டிருக்கிறார்.

இவ்வளவு கவனமாக எழுதுகிறவர் என்பதால்தான் மின்சாரம் வரும் இடங்களும் அதே கவனத்தோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

டமார் என்று சத்தம் கேட்டு ட்ரான்ஸ்பார்மர் வெடித்தது என்று கதையில் வருகிறது. ஒரு மணி நேரத்தில் கரண்ட் வந்தும் விடுகிறது. நிஜமாகவே ட்ரான்ஸ்பார்மர் போயிருந்தால் வேறொன்றை வண்டியில் கொண்டு வந்து, பழையதை இறக்கி, புதியதை ஏற்றி இணைப்புக் கொடுக்க வேண்டும், அந்த ராத்திரி ஒரு மணி நேரத்தில் அது நடக்காது. மழைக்காலத்தில் மக்கள் கேட்கிற அந்தச் சத்தம் பெரும்பாலும் பியூஸ் போகிற சத்தம். தென்னை மட்டை ஒன்று கம்பி மேல் விழுந்தாலே போதும். தெருவுக்கு வருவது கரண்ட் கொண்டு வருகிற மூன்று பேஸ் கம்பியும் அது திரும்பிப் போகிற ஒரு நியூட்ரல் கம்பியும், வீடுகளை ஒவ்வொரு பேஸிலும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். மட்டை ஒரு பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் ட்ரான்ஸ்பார்மர் பெட்டியில் அந்த ஒரு பேஸின் பியூஸ் மட்டும் போகும், அந்த பேஸில் இருக்கிற வீடுகள் மட்டும் அணையும். பக்கத்து வீடு எரியும், நம் வீடு இருட்டாக இருக்கும். கதையில் நடப்பதும் இதுதான், மூலை வீடும் ஆச்சி வீடும் இருட்டு, கடைக்காரர் வீட்டில் சீரியல் விளக்கு மின்னிக்கொண்டிருக்கிறது. ஆக, வெடித்தது என்ற வார்த்தையை எடுத்துவிட்டு பியூஸ் போனது என்று போட்டாலே கதை சரியாகிவிடும்.

இப்போது அந்தப் பத்தி. கடைக்காரர் நல்ல மனசோடு, நம் வீட்டில்தான் கரண்ட் இருக்கிறதே என்று ஒரு நீள வயரை எடுத்து வந்து, ரெண்டு முனையிலும் பின் மாட்டி, ஒரு முனையைத் தன் வீட்டு பிளக்கிலும் மறுமுனையை மூலை வீட்டு பிளக்கிலும் செருகுகிறார், அந்த வீடு முழுக்க விளக்கு எரிகிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள். தயவுசெய்து இதை யாரும் செய்துவிடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கடைக்காரர் வீட்டிலிருந்து வந்த 230 வோல்ட் மூலை வீட்டு ஒயரிங்கில் நுழைந்தால் அந்த வீட்டோடு நின்றுவிடாது. மெயின் சுவிட்ச் ஆனில் இருந்தால் மீட்டர் வழியாகத் திரும்பி வெளியே போய், கரண்ட் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிற அந்தத் தெருக்கம்பியிலேயே ஏறிவிடும். அந்த நேரத்தில் ஒரு வயர்மேன் வந்திருப்பார், போன பியூஸ் கம்பி மாட்டியிருக்கிற பீங்கான் கட்டையை, அதாவது கேரியரை, கழற்றி வைத்துவிட்டு, மட்டையை எடுக்கக் கம்பத்தில் ஏறியிருப்பார். அவரைப் பொறுத்தவரை அது செத்த லைன். கேரியரைக் கழற்றிய பிறகும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து, கம்பிகளை எர்த் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது விதி, நாங்களும் அதைத்தான் சொல்லிக் கொடுப்போம். ஆனால் திருவிழா ராத்திரி, கொட்டுகிற மழை, கீழே நின்று எப்போ வரும் எப்போ வரும் என்று கேட்கிற கூட்டம், ஆள் பற்றாக்குறை, இதெல்லாம் சேரும்போது ஒரு படி விட்டுப்போகும். எங்கள் பிரிவில் அப்படி ஒருவர் அடிபட்டார். உயிர் பிழைத்தார், வலது கையில் ரெண்டு விரல் மடங்காமலே போய்விட்டது. அன்று அந்தத் தெருவில் ஒரு வீட்டில் இதே மாதிரி ரெண்டு பக்கம் பின் வைத்த வயர் செருகியிருந்தது. கேரியரைக் கழற்றிய பிறகும் ரெண்டு மூன்று வீட்டு வாசல் பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்ததாம், யாரும் அதைப் பார்த்து ஏன் என்று யோசிக்கவில்லை. ஒரு மெல்லிய வயர் வழியாகத் தெருவே இழுத்தால் விளக்கு அப்படித்தான் மங்கும், வயரும் சூடாகும். மங்கலாக எரிகிறது என்பதால் கம்பியில் இருப்பது கொல்லாது என்று அர்த்தமில்லை.

சரி, கம்பத்தில் யாரும் ஏறவில்லை, புது பியூஸ் போட்டாலே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஆபத்துதான். கடைக்காரர் வீடு ஒரு பேஸ், மூலை வீடு வேறு பேஸ். புது பியூஸ் போட்ட நொடியில் அந்த வயரில் ரெண்டு பேஸும் நேருக்கு நேர் மோதும், ரெண்டு பேஸுக்கும் நடுவே 400 வோல்ட். பின் செருகின இடத்தில் தீப்பொறி பறக்கும், பக்கத்தில் காகித நட்சத்திரமும் எண்ணெய் விளக்கும் இருக்கின்றன. போதாததற்கு, அந்த வயரை யாராவது ஒரு பக்கம் உருவினால், கையில் இருக்கிற பின்னின் பித்தளைக் கால்களே உயிரோடு இருக்கும். கதையில் அந்தப் பேத்திதான் கடைசியில் அதை உருவுகிறாள்.

கடைக்காரர் உதவக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைத் தன் வீட்டில் செருகி, மழை படாமல் தன் திண்ணை ஓரமாகவே வைத்து, மூலை வீட்டு சீரியல் செட்டை நேரே அதில் மாட்டி, விளக்குச் சரத்தை மட்டும் அந்தப் பக்கம் இழுத்துக் கட்டலாம். சின்ன எல்இடி சரத்துக்கு அது தாராளம். மூலை வீட்டு ஒயரிங்கை எதுவும் தொடாது. பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்தால்தான் இதுவும், தெருவின் குறுக்கே நனைந்த தரையில் இழுக்கக் கூடாது. கதையில் ரெண்டு வீடும் ஒட்டிய வீடுதான், அதனால் ஒரு குறையும் வராது, கை தட்டுகிற இடம்கூட அப்படியே இருக்கலாம்.

இன்னொன்றும் கேட்க நினைக்கிறேன். கதை முழுக்க ஒருவர்கூட மின்வாரியத்துக்குப் போன் செய்யவில்லை. தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். மூன்று பேஸில் ஒன்று போனால் மீதி வீடுகள் எரிந்துகொண்டிருக்கும், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோருமே சும்மா இருந்துவிடுவார்கள், அதில்தான் நேரம் போகும். டீச்சர் கையில் போன் இருக்கிறது, ஒரே ஒரு வரி போதும், எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் மட்டை விழுந்தது என்று அவர் சொல்லட்டும்.

இந்தக் கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் படிப்பார்கள், தொகுப்பாக வரும்போது இன்னும் நிறையப் பேர் படிப்பார்கள். அதற்கு முன்னால் கதாசிரியரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். ரெண்டு முனை பின் வைத்த வயரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக மாற்றச் சொல்லுங்கள். அடுத்த இதழிலேயே இதைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்புப் போட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் மார்கழி, பொங்கல் என்று சீரியல் செட்டுகள் இன்னும் ரெண்டு மாதம் வாசலில்தான் தொங்கப் போகின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்,
மயிலாடுதுறை