கப்பல் பதிவேட்டுப் பயிலரங்கு அறிவிப்பைத் திரும்பப் போடுங்கள்

டர்பன் கல்லூரித் தமிழ் மாணவர் குழு நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நம் மூதாதையர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு வந்த கப்பல்களின் பதிவேட்டில் அவர்களைத் தேடச் சொல்லிக்கொடுக்க, சனிக்கிழமை நடக்கும் இலவச இணையவழிப் பயிலரங்கின் அறிவிப்பை மறுபடியும் நீக்கியிருக்கிறீர்கள். காரணம், அது 'விளம்பரமாம்'. டிஜே இரவுக்கு டிக்கெட் விற்கும் பதிவும் பழைய ஷூ விற்கும் பதிவும் அதே குழுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன, அவை என்ன தேவாரமா? சரி, உங்கள் குழு, உங்கள் விதி. நான் கேட்பது ஒன்றுதான், அறிவிப்பைத் திரும்பப் போட்டு, சனிக்கிழமை வரை மேலே நிறுத்தி வையுங்கள்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்றால், உங்கள் மாணவர்கள் எங்களிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: "கப்பல் பதிவேட்டில் கோவெண்டர் என்று தேடினேன், எங்கள் ஆளே இல்லையே?" எப்படி இருப்பார்? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ தொடங்கி 1911 வரை வந்த கப்பல்களின் பதிவேட்டில் பெரும்பாலும் ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், அந்த ஊரின் காவல் நிலைய எல்லையான தாணா, ஜில்லா, இவைதான். இன்றைய குடும்பப் பெயர் பல வீடுகளில் பின்னால் நிலைத்தது. அதோடு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி ஒரு கப்பலில் Moonsamy, இன்னொன்றில் Munisami. எழுத்துக்கூட்டி எத்தனை விதமாகத் தட்டினாலும் நூறு முனுசாமிகள் வருவார்கள், நம் தாத்தா யார் என்று தெரியாது.

ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடிக்க வேண்டும். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். அது பிள்ளைகளின் பழைய பிறப்புப் பதிவிலும் திருமணப் பதிவிலும் பல சமயம் எழுதப்பட்டிருக்கும். கணினியில் அச்சடித்துத் தரும் சுருக்கச் சான்றிதழில் அது வராது, கையால் எழுதிய மூலப் பதிவின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். எண் கிடைத்துவிட்டால் பதிவேட்டில் ஒரே வரிதான். அந்த வரியில் தகப்பன் பெயரும் வயதும் வீட்டில் சொல்லும் கதையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எண்ணில் 1-ஐயும் 7-ஐயும் மாற்றிப் படிப்பது சகஜம். அப்புறம் ஜில்லா வட ஆற்காடு என்றிருந்தால் தமிழ்நாட்டில் மட்டும் தேடக் கூடாது, அதன் ஒரு பகுதி இன்று ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம் இருக்கிறது.

இதைத்தான் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, இந்திய நேரம் பிற்பகல் 1:30-க்கு, திரையில் செய்து காட்டப் போகிறோம். வரலாற்றுப் பாடத்தில் குடும்ப ஆய்வு எழுதுபவர்களுக்கும், பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய காகிதம் வைத்திருப்பவர்களுக்கும் உதவும். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் வரலாம், பதிவேடு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. காகிதத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வந்தால் போதும்.

ஆண்டுதோறும் நவம்பர் வந்தால் மூதாதையரை மேடையில் வைத்துக் கண்ணீர் விடுகிறோம், அவர்கள் பெயரைத் தேடச் சொல்லிக்கொடுத்தால் விளம்பரம் என்கிறோம். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பைத் தயவுசெய்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் திரும்பப் போடுங்கள். இணைப்பு இதுதான்: https://example.org/kappal

பயிலரங்குத் தன்னார்வலர் ஒருவர், சாட்ஸ்வர்த்